செயலாளர் ஆண்டறிக்கை: நம் தெருப் பள்ளங்கள், 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள், சந்தா விவரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு என் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது சாலைதான், அதை மட்டும் சொல்கிறேன்.

முன்பெல்லாம் "சாலை குண்டும் குழியுமாக உள்ளது" என்று மனு கொடுப்போம். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் வரும். எந்தக் குழி, என்ன நடவடிக்கை என்று இரு தரப்பிலும் யாருக்கும் தெரியாது. ஜூன் முதல் ஒவ்வொரு குழிக்கும் பக்கத்து மின்கம்ப எண், நீளம், அகலம், ஆழம் எழுதினோம். ஆழம் பார்க்க, குழியின் இரு கரையிலும் படும்படி நேரான அலுமினியக் குழாயைக் குறுக்கே வைத்து, அதன் அடிவிளிம்பிலிருந்து டேப்பை இறக்க வேண்டும். தண்ணீர் நின்றால் வாரி இறைத்துவிட்டுத்தான் அளப்போம். சரிசெய்த தேதியும் அதே நோட்டில் ஏறும்.

தண்ணீர்த் தொட்டி முனைக் குழியைப் பாருங்கள். ஜூலையில் 90 செ.மீ. நீளம், 60 அகலம், 7 ஆழம். பத்து நாளில் தார்க்கலவை போட்டு மூடினார்கள். செப்டம்பரில் அதே இடத்தில் ஆழம் 9. மறுபடி மூடினார்கள், டிசம்பரில் மறுபடி 11. மூன்றாவது மனுவில் இந்த வரிசையை அப்படியே இணைத்தோம். கூடவே ஒன்றையும் எழுதினோம்: மழையே இல்லாத நாளிலும், காலையில் குடிநீர் விடும் நேரத்தில் குழியின் ஓரம் ஈரமாகிறது.

அந்த வரியைப் படித்துவிட்டு உதவிப் பொறியாளர் நேரில் வந்தார். தோண்டிப் பார்த்ததில் ஒரு வீட்டு இணைப்பின் மூட்டில் கசிவு. எழுத்தில் அவர் தந்த பதிலின் சாரம் இது: ஜல்லித் தளம் ஊறிக் கிடப்பதால் மேலே எத்தனை முறை தார் போட்டாலும் நிற்காது, கசிவை அடைத்த பிறகே வேலை நடக்கும். அதற்கு மூன்று வாரம் ஆனது. தடுப்பு வைத்திருந்த அந்த நாட்களில் பலர் என்னிடம் கோபப்பட்டீர்கள். உங்கள் சிரமம் உண்மைதான். ஆனால் அந்தக் காத்திருப்பு தேவைப்பட்டது.

ஜனவரியில் ஓரங்களைச் சதுரமாக வெட்டி, ஈரமண்ணை அள்ளி, புது ஜல்லிக் கலவையை அடுக்கடுக்காக இடித்து இறுக்கி, பக்கச் சுவரிலும் தார்ப்பால் பூசி, சூடான தார்க்கலவை போட்டார்கள். மார்ச்சில் குழாயை வைத்துப் பார்த்தேன், அரை செ.மீ. கூட இறங்கவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

ஒரு தவறு எங்களுடையது. பேருந்துச் சாலை மனுவை நகராட்சியில் கொடுத்தோம்; அது நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்று தெரிய இரண்டு மாதம் போயிற்று. இப்போது உரிய இடத்தில் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை.

குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்புக்குச் சாலையை வெட்டும் உறுப்பினர்கள், வெட்டும் நாளையும் மூடும் நாளையும் எனக்குச் சொல்லுங்கள். நோட்டு என் வீட்டில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்