கிரானைட் விரிசல் எங்கள் காலத்தது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியிருப்போர் காலி செய்யும்போது வீட்டைச் சிதைத்துவிட்டுப் போகிறார்கள், அட்வான்ஸில் பிடித்தால் சண்டைக்கு வருகிறார்கள் என்று வீட்டு உரிமையாளர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் சென்ற இதழில் படித்தேன். அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ‘சேதம் புதிது’ என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

புழுதிவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு. 2022 ஜூனில் குடிபோனோம், 2025 ஏப்ரலில் காலி செய்தோம். வாடகை 18,000, அட்வான்ஸ் 90,000. சாவியை வாங்கிக்கொண்ட ஓனர் அனுப்பிய கணக்கில் நான்கு வரி இருந்தது: சமையல் மேடை கிரானைட் விரிசல் 16,000, பாத்ரூம் கதவு 9,000, ஹால் சுவர் ஊறல் 14,000, கொசுவலை 1,200. ஆக 40,200 போக மீதி தருவதாகச் சொன்னார்.

குடிபோகும் முன்பே ஓனரின் மகன் அக்ரிமென்டோடு ஒரு பொருள் பட்டியல் அடித்துக் கொண்டுவந்திருந்தார். மின்விசிறி, டியூப்லைட், குழாய், கதவு, கொக்கி, சாவி என்று வரிசையாக எழுதி, எதிரே எல்லாவற்றுக்கும் ‘நல்ல நிலை’ என்றே அச்சாகியிருந்தது. பெரும்பாலான வீடுகளில் இந்தப் பட்டியல் இப்படித்தான் வரும். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், விரிசல் விட்ட மேடையும் நல்ல நிலை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். என் கணவர் பேனாவை எடுத்து, அறை அறையாகப் பார்த்து, மேடை வரிக்கு எதிரே ‘சிங்க் ஓரம் விரிசல்’ என்றும் பாத்ரூம் கதவுக்கு எதிரே ‘அடியில் உப்பல்’ என்றும் எழுதினார். எழுதிய இடம் ஒவ்வொன்றிலும் இரு தரப்பும் சுருக்கொப்பம் போட்டோம். இரண்டு பிரதிகளிலும் அதே திருத்தம், அதே ஒப்பம். சுருக்கொப்பம் இல்லாத பேனாத் திருத்தத்தை, பிறகு நீங்களே எழுதிக்கொண்டது என்று சொல்லிவிட முடியும். கதவு விஷயத்தில் ஓனர் முதலில் அதைத்தான் சொன்னார். அவர் பிரதியை எடுத்துவரச் சொன்னோம். அதிலும் அதே வரி, பக்கத்தில் அவர் மகனின் ஒப்பம். 9,000 ரூபாய் அன்றே கணக்கிலிருந்து போனது.

மேடைதான் இழுத்தது. அவர் ஒரு படி இறங்கிவந்து இப்படிச் சொன்னார்: “விரிசல் இருந்துச்சும்மா, நான் இல்லேங்கல. மயிரிழை மாதிரி இருந்ததை நீங்க குழவி வச்சு இடிச்சுப் பெருசாக்கிட்டீங்க.” இதற்குப் பட்டியலில் பதில் இல்லை. ‘சிங்க் ஓரம் விரிசல்’ என்று எழுதினோமே தவிர, எத்தனை அங்குலம், எங்கிருந்து எதுவரை என்று அதில் இல்லை. பழையது வளர்ந்துவிட்டது என்ற வாதம் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

இங்கே படம் கைகொடுத்தது. சிங்க்குக்காகக் கிரானைட்டில் சதுரமாக வெட்டும்போது முன்னும் பின்னும் ஒடுங்கிய கீற்றுதான் மிஞ்சும். வெட்டின் மூலையில் அழுத்தம் சேரும், விரிசல் பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும். எங்கள் மேடையிலும் அப்படித்தான். இடது பின் மூலையில் கிளம்பி, சாய்வாகச் சுவரை நோக்கிப் போயிருந்தது. குடிபோன அன்று எடுத்த படங்களில் விரிசலை மட்டும் நெருக்கமாகக் காட்டியவை இந்த வாதத்துக்கு உதவவில்லை. வெறும் கோட்டை வைத்து நீளம் சொல்ல முடியாது. உதவியது சற்றுத் தள்ளி நின்று எடுத்த ஒரு படம். அதில் சிங்க், மேடை, பின்சுவர் டைல்ஸ் எல்லாம் சேர்ந்து விழுந்திருந்தன. விரிசலின் நுனி, சன்னல் பக்கமிருந்து மூன்றாவது டைல்ஸ் இணைப்புக்கு நேர் கீழே முடிந்திருந்தது. காலி செய்த அன்றும் அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் ஒரு படம் எடுத்தோம். நுனி அதே இணைப்புக்கு நேர் கீழே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்செடுத்து, டைல்ஸ் இணைப்பைப் பேனாவால் கோடிட்டுக் காட்டினோம். டைல்ஸ் இடம் மாறாது, மேடையும் மாறாது. அளவுகோல் வைக்காத படத்திலும் இப்படி அளவு கிடைக்கும்.

நேரில் பார்த்தாலும் வயது ஓரளவு தெரியும். புதிதாக உடைந்த கல்லின் விளிம்பு கூராக, உட்புறம் வெளிறித் தெரியும். எங்கள் விரிசலில் எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் இறங்கிக் கறுத்திருந்தன, விளிம்பு மழுங்கியிருந்தது. ஆனால் இதை மட்டும் வைத்து வாதாட முடியாது. மூன்று வருடச் சமையல் எந்த விரிசலையும் கறுப்பாக்கிவிடும் என்று அவர் சொன்னால், அது நியாயமான பதில்தான்.

அடுத்து அவர் மகன் வந்தார். கம்ப்யூட்டர் படித்தவர். “தேதியையெல்லாம் எப்படி வேணா மாத்தலாம் மேடம்” என்றார். அதுவும் உண்மைதான். படத்தின் ஓரத்தில் தேதி அச்சாக விழும்படி எடுப்பதால் பெரிய பயன் இல்லை, போனில் தேதியை மாற்றிவைத்துவிட்டு எடுத்தால் அந்தத் தேதிதான் விழும். எங்களுக்குக் கைகொடுத்தது வேறு. குடிபோன அன்றிரவே எல்லாப் படங்களையும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். “ஓகே மேடம், பாத்துட்டேன்” என்று அவர் அனுப்பிய பதில் அதே உரையாடலில், அதே தேதியில் இருந்தது. என் போனில் இருப்பதை நான் மாற்றியிருக்கலாம், அவர் போனில் இருப்பதை எப்படி மாற்றுவேன்? “உங்க போன்ல தேடிப் பாருங்க சார்” என்றேன். தேடினார். அதன்பிறகு தேதியைப் பற்றிப் பேச்சு வரவில்லை. என்னைக் கேட்டால், நூறு படத்தைவிட அந்தப் பதில் பெரியது. படம் சேதத்தைக் காட்டும். அதை அன்றைக்கே அவர் பார்த்தார் என்பதைப் பதில்தான் காட்டும்.

ஒன்று கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கும், எடுத்த நேரம் முதலிய உள்விவரங்கள் உதிர்ந்துவிடும். அதனால் மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பலாம், மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போட்டுவைக்கலாம். விவகாரம் வழக்காகப் போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கக்கூடும். எந்தக் கருவியில் எடுத்தது என்ற விவரமும் அதில் வரும். படம் எடுத்த பழைய போனை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

ஹால் சுவர்க் கதை வேறு. அங்கே பட்டியலும் படமும் எங்களுக்கு எதிராக இருந்தன. குடிபோன அன்று சுவர் புதுப் பெயின்ட்டில் பளிச்சென்று இருந்தது, பட்டியலிலும் ‘நல்ல நிலை’. காலி செய்தபோது இடுப்பளவுக்குப் பெயின்ட் கொப்பளித்து உப்புப் பூத்திருந்தது. ஆக, சேதம் புதிதுதான். “இதுக்கு என்ன சொல்றீங்க?” என்று கேட்டார். புதிது என்பதாலேயே அது குடியிருந்தவர் செய்ததாகிவிடாது, அதைத்தான் சொன்னேன். அந்தச் சுவருக்கு மறுபக்கம் பாத்ரூம். ஊறல் மழைக்காலம், கோடைக்காலம் என்றில்லாமல் எப்போதும் இருந்தது, குழாய் போகும் உயரத்துக்குக் கீழேதான் இருந்தது. மழை நீராக இருந்தால் வெளிச்சுவரில், மழையோடு வந்து வெயிலில் காய்ந்திருக்கும். 2023-இல் ஊறல் தெரிந்தவுடன் படத்தோடு ஓனருக்குத் தகவல் சொன்னேன், ஆள் அனுப்புகிறேன் என்று பதில் போட்டார், அனுப்பவில்லை. அந்த உரையாடலும் போனில் இருந்தது. தகவல் சொல்லாமல் விட்டிருந்தால், கசிவு தெரிந்தும் வளரவிட்டீர்கள் என்று எங்கள் பக்கம் திருப்பியிருப்பார்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரித்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, மின்வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. சாதாரணத் தேய்மானத்துக்கு யாரிடமும் பணம் கேட்க முடியாது. எங்கள் ஒப்பந்தத்தில் பெயின்ட் பற்றி ஒரு வரியும் இல்லை. பல ஒப்பந்தங்களில் காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு என்று சத்தமில்லாமல் ஒரு வரி இருக்கும், அந்த வரி இருந்தால் இந்த வாதம் நிற்காது. அட்வான்ஸை, உரிய பிடித்தம் போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

கொசுவலைக்கு நான் வாதாடவில்லை. படத்தில் முழுசாக இருந்தது, காலி செய்தபோது கிழிந்திருந்தது. பட்டியலைக் காட்டி மேடைக்குப் பணம் தரமாட்டேன் என்பவள், அதே பட்டியலை அவர் கொசுவலைக்குக் காட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. உண்மையைச் சொல்லப்போனால், அந்த 1,200-ஐ முதலிலேயே ஒப்புக்கொண்டதால்தான் மற்றவற்றில் ஓனர் காதுகொடுத்துக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் ஒரே கடிதமாக, வரிக்கு வரி பட்டியல் எண்ணும் பட எண்ணும் போட்டு, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். போனில் பேசும்போது சத்தம் கூடும், பேச்சு வேறெங்கோ போகும். எழுத்தில் அப்படி ஆகாது. கடைசியில் கொசுவலை 1,200, சுவருக்கு 3,000 பிடித்துக்கொண்டு 85,800 திருப்பித் தந்தார். அந்த 3,000 நியாயம் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்காக வாடகை நீதிமன்றத்துக்கு அலைய வீட்டில் யாருக்கும் தெம்பில்லை.

உங்களிடம் ஒரு கோரிக்கை. வாடகைக்கு வீடு எடுப்பவர்கள் வெட்டி எடுத்துப் பயன்படுத்தும்படி தமிழில் ஒரு மாதிரிப் பொருள் பட்டியல் வெளியிடுங்கள். அதில் ‘நல்ல நிலை’ என்று முன்கூட்டியே அச்சடிக்காமல் அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டு, பக்கத்தில் சேதத்தின் நீளம், இடம், பட எண், இரு தரப்புச் சுருக்கொப்பம் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். சென்ற இதழில் எழுதிய உரிமையாளருக்கும் அது பயன்படும்.

இப்படிக்கு,
வாசகி,
சென்னை-91