முதல் தவணையைப் பணம் வரும் மாதத்தில் வையுங்கள்

கோவை வட்டாரத்தில் சிறு, குறு தொழில்களுக்கு இயந்திரக் கடன் ஒப்புதல் தரும் வங்கி அதிகாரிகளுக்கு,

வணக்கம். இயந்திரக் கடனுக்குத் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். ஒப்புதல் கடிதத்தில் வரும் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். "மாரடோரியம்: முதல் பட்டுவாடாவிலிருந்து 6 மாதம்" என்ற வரி. லேத் வாங்கினாலும், வி.எம்.சி. வாங்கினாலும், பழைய மெஷினை மாற்றினாலும், புது வாடிக்கையாளருக்காகப் புது மெஷின் போட்டாலும் அதே ஆறு மாதம்தான். அந்த எண் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. பழைய கடிதத்திலிருந்து புதிய கடிதத்துக்கு அப்படியே ஏறிவிடுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கை மாதவாரியாகப் போட்டுப் பார்ப்போம். வாகன உதிரிபாகத்துக்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறை ஒன்று, புதிய பாகம் ஒன்றுக்காக வி.எம்.சி. வாங்குகிறது. மெஷின் 32 லட்சம். ஃபிக்ஸ்ச்சர், டூல் ஹோல்டர், கம்ப்ரெஸர், ஸ்டெபிலைசர், கேஜ் எல்லாம் சேர்த்து 8 லட்சம். மொத்தம் 40 லட்சத்தில் கடன் 30 லட்சம், வட்டி 10 சதவீதம், மாரடோரியம் உட்பட 84 மாதம். (இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., 7 லட்சத்து 20 ஆயிரம், முதலாளி கையிலிருந்து போகிறது. பிற்பாடு பில் போடப் போடத்தான் அது கழியும். ஆரம்ப மாதங்களில் கையில் காசு இருக்காது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.)

ஏப்ரல் 1-ஆம் தேதி முன்பணத்துக்காக 3 லட்சம் பட்டுவாடா ஆகிறது. ஆறு மாதக் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது. மெஷின் இன்னும் கம்பெனியின் உற்பத்தி வரிசைக்கே வந்திருக்காது. ஜூன் நடுவில் டிஸ்பேட்சுக்கு முன் மீதி 27 லட்சத்தையும் கட்டச் சொல்வார்கள். ஜூன் கடைசியில் மெஷின் இறங்கும். லெவலிங், கூடுதல் மின் லோடு, கம்பெனி இன்ஜினீயர் வந்து ஓட்டிக் காட்டுவது என்று ஜூலை பாதி போய்விடும். லோடு கூட்ட டிரான்ஸ்ஃபார்மரையே மாற்ற வேண்டும் என்று மின்வாரியம் சொன்னால் ஜூலை முழுவதுமே போய்விடும்.

உங்கள் ஆய்வு அறிக்கை இந்த இடத்தில் "மெஷின் நிறுவப்பட்டது, இயங்குகிறது" என்று முடிந்துவிடுகிறது. பட்டறைக்கு வேலையே இங்கிருந்துதான் ஆரம்பம். ஃபிக்ஸ்ச்சரைச் சரிசெய்து, புரோகிராமை ஓட்டிப் பார்த்து, சாம்பிள் எடுத்து, வாடிக்கையாளரின் சி.எம்.எம். அறையில் அளந்து வாங்க வேண்டும். பிறகு பி.பி.ஏ.பி. எனப்படும் பாக ஒப்புதல் கட்டம். அதற்கு வாடிக்கையாளர் வேறு எண்ணிக்கை சொல்லாதவரை, தொடர்ச்சியாக 300 பாகங்களாவது நிஜ உற்பத்தி வேகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும்; முக்கிய அளவுகளில், உற்பத்தி எவ்வளவு சீராக இருக்கிறது என்று காட்டும் சி.பி.கே. எண் 1.67-க்குக் கீழே வந்தால் திரும்பச் செய்யச் சொல்லக்கூடும். ஒரு துளையின் இருப்பிடம் சில மைக்ரான் நகர்ந்தாலே ஃபிக்ஸ்ச்சரைக் கழற்றி மறுபடி கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டி வரும். ஒரு சுற்று திரும்பினால் இரண்டு மூன்று வாரம் போகும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் செப்டம்பரில் ஒப்புதல் வரும். அதுவரை மெஷின் தினமும் ஓடியிருக்கும், ஆனால் ஒரு ரூபாய்க்குக்கூடப் பில் போட்டிருக்க முடியாது. இடைவேளையில் வேறு வேலை ஓட்டலாமே என்பீர்கள். ஒப்புதல் கிடைக்கும்வரை அந்த ஃபிக்ஸ்ச்சரை மேஜையிலிருந்து எடுத்தால் செட்டிங் போய்விடும் என்று எந்தச் சூப்பர்வைசரைக் கேட்டாலும் சொல்வார்.

அக்டோபரில் முதல் ஷெட்யூல் வருகிறது. அதுவும் முழு அளவில் வராது. அக்டோபரில் 35 சதவீதம், நவம்பரில் 60, டிசம்பரில் 85, ஜனவரியிலிருந்து முழு லோடு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 450 ரூபாய் வீதம் மாதம் 400 மணி நேரம் ஓடினால் முழு லோடில் பில் 1,80,000 ரூபாய். இரண்டு ஷிஃப்ட் ஆபரேட்டர் சம்பளம் 48,000. மின்சாரம், இன்செர்ட், கூலன்ட் 40,000. மிச்சம் 92,000. உங்கள் படிவத்தில் ஏறுவது இந்த 92,000 மட்டும்தான். 35 சதவீத மாதத்தைப் பாருங்கள். பில் 63,000. சம்பளம் குறையாது, 48,000. மற்ற செலவு 14,000. மிச்சம் ஆயிரம் ரூபாய். உற்பத்தி தொடங்கிய மாதத்தில் தவணை கட்டும் சக்தியும் தொடங்கிவிடும் என்ற நினைப்பு இங்கேயே உடைந்துவிடுகிறது.

அந்த 63,000-மும் அக்டோபரில் கைக்கு வராது. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தைக் காட்டி வாடிக்கையாளரிடம் மல்லுக்கட்டினால் அடுத்த ஷெட்யூல் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும் என்பது உங்களுக்கும் தெரிந்ததே. ஆகவே கணக்கில் வைக்க வேண்டியது அந்த வாடிக்கையாளர் உண்மையில் எத்தனை நாளில் தருகிறார் என்பதை. இங்கே 60 நாள் என்று கொள்வோம். அக்டோபர் பில் டிசம்பர் கடைசியில் வரும், நவம்பர் பில் ஜனவரி கடைசியில், டிசம்பர் பில் பிப்ரவரி கடைசியில். முழு லோடு ஓடிய ஜனவரியின் 1,80,000 மார்ச் கடைசியில் கைக்கு வரும். இதற்கிடையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சம்பளம், கரண்ட், இன்செர்ட்டுக்கு மட்டும் 2 லட்சத்து 16 ஆயிரம் வெளியே போயிருக்கும். பிப்ரவரியில் மிஞ்சும் 65 ஆயிரமும் இந்தப் பள்ளத்தை நிரப்பவே போகும். நடைமுறை மூலதன வரம்பைக் கூட்டாமல் இயந்திரக் கடனை மட்டும் ஒப்புதல் செய்வது ஏன் தவறு என்பதற்கும் இதுவே விடை.

உங்கள் கடிதப்படி முதல் தவணை அக்டோபர் 31. அசல் 38,460, வட்டி 25,000. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஐந்து தவணைக்கு 3 லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும். கட்டுவதற்கு அந்த மெஷினிலிருந்து எதுவும் மிஞ்சியிருக்காது. நடப்பது என்ன? தவணை சி.சி. அக்கவுண்டிலிருந்து பிடிக்கப்படுகிறது. ஏற்கனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய வேலைக்கு டூல் வாங்கப் பணம் இல்லாமல் போகிறது, சப்ளை தாமதமாகிறது, பழைய வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். சி.சி.-யிலும் இடமில்லை என்றால் அக்டோபர் தவணை நிலுவையில் நின்று எஸ்.எம்.ஏ. படிகளில் ஏறும். 90 நாள் கடந்து ஜனவரி கடைசியில் கணக்கு வாராக்கடன் ஆகும். மெஷின் முதன்முதலாக முழு லோடு ஓடிய அதே மாதம்!

இதையே முதல் அசல் தவணை மார்ச் 31 என்று வைத்தால் மாரடோரியம் 11 மாதம். மொத்தக் காலம் அதே 84 மாதம்தான். 73 தவணையில் அசல் 41,096 ஆகிறது. மாதத்துக்குக் கூடுவது ஏறத்தாழ 2,640 ரூபாய். முழுக் கடனும் முதல் நாளே பட்டுவாடா ஆனதாக வைத்தாலும், ஏழு வருடத்தில் கூடும் வட்டி 62,500 ரூபாய். அதை வாங்கிக்கொள்ளப் போவது நீங்கள்தான். முதல் தவணை 66,100. மார்ச்சில் மிஞ்சுவது 92,000. கட்டிவிடலாம்.

வட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "மாரடோரியம்" என்று எழுதிவிட்டு வட்டியை மாதாமாதம் கட்டச் சொல்கிறீர்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அது ஏறத்தாழ 94,000 ரூபாய். பில்லே போடாத மாதங்களின் வட்டி என்பதால் இதைத் திட்டச் செலவிலேயே சேர்த்து அதற்குரிய பங்கைக் கடனாகத் தருவதுதான் நேர்வழி. பெரிய ஆலைகளுக்கு அப்படித்தானே செய்கிறீர்கள்? இல்லையென்றால் வட்டிக்கும் மாரடோரியம் உண்டு என்று கடிதத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். தொழில் திட்டக் கடனில் அப்படி எழுதியிருந்தால், அந்தக் காலம் முடிந்த பிறகுதான் வட்டி கட்ட வேண்டியதாகிறது, பற்று வைத்த தேதியிலிருந்து நிலுவை எண்ண வேண்டியதில்லை என்பது ரிசர்வ் வங்கியின் சொத்து வகைப்பாட்டு விதியிலேயே இருக்கிறது. அக்டோபரிலிருந்து வரும் மாத வட்டியை உரிமையாளர் தன் பழைய வருமானத்திலிருந்து கட்டட்டும், அது நியாயம்தான். அதையும் கட்ட முடியாதவர் இந்த மெஷினை வாங்காமல் இருப்பதே நல்லது.

எல்லோருக்கும் 11 மாதம் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஏற்கனவே ஒப்புதல் பெற்ற பாகத்துக்கு, தேய்ந்த மெஷினுக்குப் பதிலாக இன்னொன்று வாங்குபவருக்கு ஆறு மாதமே அதிகம். வாடிக்கையாளர் ட்ரெட்ஸ் தளத்தில் பில்லை ஏற்பவராக இருந்தால் பணம் முன்பே வரும், ஒன்றரை மாதம் குறைக்கலாம். தேவைக்கு மேல் நீட்டினால் ஆபத்து வங்கிக்கு மட்டுமல்ல: வரும் பணம் வேறு செலவுக்குப் பழகிவிடும், அசல் குறையாமல் நிற்க மெஷினின் செகண்ட் ஹேண்ட் விலை மட்டும் இறங்கும்.

"சிக்கல் வந்தால் அப்போது தள்ளி வைத்துக்கொள்ளலாம்" என்ற பதிலையும் அடிக்கடி கேட்கிறோம். கட்ட முடியாத நிலைக்கு வந்தபின் தேதியைத் தள்ளினால் அது மறுசீரமைப்பாகக் கணக்காகி, கணக்கின் தரம் இறங்கும். ஒப்புதலின்போது ஒரு வரியில் செய்திருக்க வேண்டியதை அப்போது மேலிடம்வரை கொண்டுபோக வேண்டியிருக்கும்.

ஆகவே விண்ணப்பத்தோடு நான்கு தாள் கேளுங்கள்: டெலிவரி காலம் எழுதிய கொட்டேஷன், மின்வாரியத்தின் லோடு எஸ்டிமேட், வாடிக்கையாளர் கையெழுத்திட்ட பாக ஒப்புதல் கால அட்டவணை, அதே வாடிக்கையாளரிடமிருந்து கடந்த ஓராண்டில் பணம் வந்த தேதிகள் தெரியும் வங்கி ஸ்டேட்மென்ட். கடைசித் தாள் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. புது வாடிக்கையாளர் என்றால் ஆர்டரில் எழுதிய கெடுவோடு 15 நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ஒப்புதல் கடிதத்தில் இப்படி எழுதலாம்: "முதல் அசல் தவணை, வாடிக்கையாளரின் பாக ஒப்புதல் கிடைத்த மாதத்துக்குப் பின் வரும் ஆறாவது மாத இறுதியில், அல்லது முதல் பட்டுவாடாவிலிருந்து 14-ஆவது மாத இறுதியில், இவற்றில் எது முன்னதோ அது." கணினியில் 14-ஆவது மாதத்தையே முதல் தவணையாகப் பதிந்துவிட்டு, வாடிக்கையாளரின் பாக ஒப்புதல் வந்ததும் முன்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். முன்னுக்கு இழுப்பதை யாரும் கடனாளிக்குச் செய்த சலுகை என்று சொல்ல மாட்டார்கள்.

இப்படிக்கு,
கோவை வட்டாரத் திட்ட அறிக்கை தயாரிப்பாளர்கள் சிலர்