புராஜெக்ட் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: அந்த 82%-ல என்ன இருக்கு?

கமிட்டில இருக்கிற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

எம்.ஏ. தமிழ் ரெண்டாம் வருஷப் பொண்ணோட தாலாட்டு பத்தின புராஜெக்ட்ட, டிடெக்டர் 82% ஏஐ-னு காட்டுதுன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. அதுக்கு கைடு நான்தான். மூணாவது இயலை அந்தப் பொண்ணு மொதல்ல கோடு போட்ட நோட்டுல எழுதி எடுத்துட்டு வந்துச்சு, நான் செவப்பு மையில அடிச்சுக் குடுத்தேன், அந்த நோட்டு இன்னும் என் டேபிள்ல கெடக்கு. அதனால எனக்கு சந்தேகம் டூல் மேலதான் வந்துச்சு. 2009-ல நான் ஒரு கருத்தரங்குக்கு எழுதுன கட்டுரைய அதே டூல்ல போட்டுப் பாத்தேன், 76% ஏஐ. சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பர்ல தான்!

ஏன் இப்படி ஆகுதுன்னு கொஞ்சம் பொறுமையா கேளுங்க. இந்த டூலுங்க பலதும் அடிப்படையில பாக்குறது ஒரே விஷயம்தான், அடுத்து என்ன வரும்னு ஒரு மொழி மாடலால எவ்வளவு சுலபமா ஊகிக்க முடியுதுங்கறது, சுலபமா ஊகிச்சிட்டா மெஷின் எழுதுனது, தடுமாறுனா மனுஷன் எழுதுனது. எவ்வளவு சுலபம்னா மெஷின்னு சொல்ற அந்த எல்லைக்கோட்ட பெரும்பாலும் இங்கிலீஷ் கட்டுரைகளை வச்சுதான் போட்டிருப்பாங்க. அளக்குறதுக்கு ஜிபிடி-2 மாதிரி பழைய மாடலை உள்ள வச்சிருந்தா இன்னும் மோசம். 2019-ல வந்த அது கிட்டத்தட்ட இங்கிலீஷ் மட்டுமே படிச்சு வளந்தது, தமிழ் வார்த்தைய வார்த்தையா அதுக்குத் தெரியாது, பைட் பைட்டா, அதாவது கம்ப்யூட்டர் எழுத்தை சேத்து வைக்கிற சின்னச் சின்ன துண்டா உடைச்சுத்தான் பாக்கும். 'தமிழ்'ங்கற மூணெழுத்து அதுக்கு இப்படித் தெரியும்:

```
த    E0 AE A4
மி   E0 AE AE  E0 AE BF
ழ்   E0 AE B4  E0 AF 8D
```

மொத்தம் 15 பைட். மூணு மூணா பாருங்க, மொதல்ல எப்பவும் E0, ரெண்டாவது AE இல்லன்னா AF, எது எந்த எழுத்துங்கறது பெரும்பாலும் மூணாவதுலதான் இருக்கு. அதாவது மூணுல ரெண்டை கிட்டத்தட்ட கண்ண மூடிட்டே ஊகிச்சிடலாம். சராசரி போட்டா "ரொம்ப சுலபமா ஊகிக்க முடியுது"ன்னு வரும், உடனே மெஷின்னு முத்திரை குத்திடும். எழுதுனது அந்தப் பொண்ணா நானாங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, எழுத்தை கம்ப்யூட்டர்ல சேத்து வைக்கிற முறைதான் காரணம். புது மாடல்கள் தமிழை இதைவிட நல்லா கையாளுது, ஆனா நம்ம டூலுக்குள்ள எது ஓடுதுன்னு கம்பெனி எங்கயும் சொல்லல.

இதோட நம்ம நடை வேற. "இவ்வியல் தாலாட்டுப் பாடல்களின் அமைப்பை ஆராய்கிறது"ன்னு ஆரம்பிச்சு "என்பது இதன்வழிப் புலனாகிறது"ன்னு முடிக்கச் சொல்லிக் குடுத்ததே நாமதான (நானும் சேத்துதான்). எல்லா புராஜெக்ட்டும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருந்தா, தமிழ் நல்லா தெரிஞ்ச மாடலுக்குக்கூட ஊகிக்கிறது சுலபம்தான்.

இங்கிலீஷ்லயே நிலைமை ஒண்ணும் பெருசா நல்லா இல்ல. ஓப்பன்ஏஐ 2023 ஜனவரில சொந்தமா ஒரு டிடெக்டர் விட்டாங்க, ஏஐ எழுதுனதுல 26% தான் அது புடிச்சுச்சு, மனுஷன் எழுதுனதுல 9%-ஐ தப்பா ஏஐ-னு சொல்லுச்சு, இங்கிலீஷுக்கு மட்டும் பயன்படுத்துங்கன்னும் அவங்களே எழுதியிருந்தாங்க. துல்லியம் போதலன்னு அதே வருஷம் ஜூலைல எடுத்துட்டாங்க. அந்தக் கணக்க நம்ம பசங்க மேல போட்டுப் பாருங்க. 100 புராஜெக்ட், அதுல 20 பேர் ஏஐ வச்சு எழுதுனாங்கன்னு வைப்போம். 20-ல மாட்டுறது 5 பேர். ஒழுங்கா எழுதுன 80-ல மாட்டுறது 7 பேர். ஆக நீங்க கூப்பிட்டு மெரட்டுற 12 பேர்ல 7 பேர் தப்பே பண்ணாதவங்க, தப்பு பண்ண 15 பேர் கேன்டீன்ல டீ குடிச்சிட்டிருப்பாங்க.

அதனால நான் கேக்குறது இதுதான். டூல் வித்தவங்ககிட்ட, தமிழ்ல மனுஷங்க எழுதுன எத்தனை கட்டுரைய வச்சு சோதிச்சீங்க, அதுல எத்தனை தப்பா மாட்டுச்சுன்னு எழுத்துல கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் நம்ம நூலகத்துல இருக்கிற 2022-க்கு முந்தின புராஜெக்ட்ல ஒரு 30-ஐ டைப் அடிச்சு நாமளே போட்டுப் பாக்கலாம், ரெண்டு நாள் வேலை, நானே உக்காந்து பண்றேன். யார் மேல சந்தேகமோ அவங்களுக்குப் பதினஞ்சு நிமிஷம் வைவா வைங்க, பாட்டை எங்க யார்கிட்ட கேட்டு எழுதுனன்னு கேட்டாலே தெரிஞ்சிடும்.

அந்தப் பொண்ணோட நோட்டையும் பாட்டிங்க பாடுன ரெக்கார்டிங்கையும் திங்கக்கிழமை காலைல ஆபீஸ்ல குடுத்துடறேன்.

இப்படிக்கு,
உங்க டிபார்ட்மெண்ட் கெஸ்ட் லெக்சரர்