பார்க்கிங் குழாயும் வாட்ச்மேனின் இரண்டாயிரம் ரூபாயும்: நம் குடியிருப்புச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

செயலாளர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படித்தேன். பார்க்கிங் சுவர்க் குழாயை முரட்டுத்தனமாகத் திருகி உடைத்ததற்காக வாட்ச்மேன் சம்பளத்தில் 2,000 ரூபாய் பிடித்தம். புதுக் குழாய் 850, பிளம்பர் கூலி 500, வீணான தண்ணீருக்கு 650. கணக்கு சரியாகத்தான் கூட்டியிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் குழாயை அவர் உடைக்கவில்லை. யூகத்தில் சொல்லவில்லை, பழைய குழாயைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் என்பதால், எதையும் குப்பையில் போடுவதற்கு முன் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

முதலில் அந்த ராத்திரி. பதினொரு மணிக்குக் கார் கழுவிவிட்டு யாரோ குழாயை மூடியிருக்கிறார்கள். மூடியதாக நினைத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டு வாட்ச்மேன் போய்த் திருகினால், கைப்பிடி காற்றாடி மாதிரி சும்மா சுற்றுகிறது, தண்ணீர் அதுபாட்டுக்குக் கொட்டுகிறது. அந்தக் குழாய்க்கென்று தனி வால்வு கிடையாது. மொட்டை மாடி வால்வை மூடலாம் என்றால் கதவுக்குப் பூட்டு, சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை. மனிதர் துணியைச் சுற்றி, வாளி வைத்து, அதிகாலை நாலரை வரை போராடியிருக்கிறார். என் வீட்டுக் கதவைத் தட்டியபோது, "சார், என்ன திருகினாலும் நிக்க மாட்டேங்குது சார்" என்றார். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கைப்பிடியைத் தூக்கினேன், கழன்றிருந்த ஸ்க்ரூவோடு அப்படியே கையில் வந்துவிட்டது. உள்ளே தெரிந்த பித்தளைத் தண்டை பிளேயரால் பிடித்து வலப்பக்கம் கால் சுற்று திருப்பினேன். தண்ணீர் நின்றது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

மூட வேண்டிய வேலையைச் செய்வது கைப்பிடி இல்லை, அதற்குக் கீழே இருக்கும் அந்தத் தண்டுதான். கடையில் ஸ்பின்டில் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் தலையில் சுற்றிலும் நுணுக்கமான பற்கள் இருக்கும். நம் குழாயில் எண்ணினேன், 20 பல். கைப்பிடிக்குள்ளும் அதே மாதிரி 20 பல் குழி. இரண்டும் கோத்துக்கொண்டால்தான் கைப்பிடியோடு தண்டும் திரும்பும். கைப்பிடி மேலே எழும்பிவிடாமல் அமுக்கிப் பிடிப்பதற்குத்தான் நடுவில் ஒரு ஸ்க்ரூ. அதன் மேல் பிளாஸ்டிக் பொத்தான் மூடியிருக்கும், அதனால் அப்படி ஒரு ஸ்க்ரூ இருப்பதே பலருக்குத் தெரியாது.

அன்று பிளேயர் போட்டதும் தண்ணீர் நின்றது என்றால், குழாயின் உள்வேலை ஒழுங்காக இருந்தது என்று அர்த்தம். தண்டையே பிடித்துத் திருப்பியும் நிற்காமல், அதுவும் தடையில்லாமல் சுற்றியிருந்தால் உள்ளே உடைந்துபோயிருக்கிறது என்று சொல்லலாம். நம்முடையது அப்படி இல்லை. கைப்பிடிக்கும் தண்டுக்கும் நடுவில் இருந்த பிடிமானம் மட்டும்தான் போயிருந்தது.

இனி அந்தப் பற்களுக்கு வருகிறேன். பிளம்பர் பழைய குழாயை மீட்டர் போர்டுக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போனார். எடுத்து வந்து பழைய டூத் பிரஷால் தேய்த்து, வெயிலில் வைத்து லென்ஸில் பார்த்தேன். தண்டின் பற்கள் மேல் பாதியில் மழுங்கி வழுவழுவென்று உருண்டைக் கம்பி மாதிரி ஆகியிருந்தன. அடியில் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் பற்கள் கூர்மையாக, புதுசு போல இருந்தன. கைப்பிடியின் குழிக்குள் விரலை விட்டால் சாம்பல் நிறத் தூள் வந்தது. பித்தளையைவிட மெத்தென்ற உலோகத்தில் வார்த்த கைப்பிடி, அதனால் அதுதான் முதலில் தேய்ந்திருக்கிறது.

ஒரே ராத்திரியில் முரட்டுத்தனமாகத் திருகினால் தேய்மானம் இப்படி வராது. கைப்பிடி ஒழுங்காக அடிவரை உட்கார்ந்திருந்தால் பல் முழு நீளத்துக்கும் மழுங்கியிருக்க வேண்டும், அல்லது கைப்பிடி விரிசல் விட்டிருக்க வேண்டும். மேல் பாதி மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால், கைப்பிடி மாதக்கணக்காக இரண்டு மூன்று மில்லிமீட்டர் எழும்பிய நிலையிலேயே வேலை பார்த்திருக்கிறது. நீளமான கைப்பிடி வேறு. நுனியைப் பிடித்துத் தள்ளும்போது சாய்ந்து, பாரம் முழுவதும் பல்லின் தலைப்பக்கம் ஒரே ஓரத்தில் விழுந்திருக்கிறது.

சரி, ஏன் எழும்பியது? ஸ்க்ரூ லூஸ் என்று சொல்லிவிடலாம். அதில்தான் எனக்கே ஒரு ஆச்சரியம். ஸ்க்ரூவைத் தண்டில் போட்டு முடுக்கினேன், நன்றாகவே இறுகியது. ஆனாலும் கைப்பிடி ஆடியது. பிறகுதான் புரிந்தது, ஸ்க்ரூ தேவைக்கு மேல் நீளம். அதன் நுனி தண்டின் துளையில் அடிமுட்டி நின்றுவிடுகிறது, தலை கைப்பிடியைத் தொடுவதற்கு முன்பே. முடுக்கியவர் கைக்கு "டைட்" என்று தெரியும், கைப்பிடிக்கோ பிடிப்பே கிடையாது. துளைக்குள் உப்புக்கறை கட்டியிருந்தாலும் இதே கதைதான் நடக்கும். நம் போர் தண்ணீருக்கு அது சகஜம். ஆனால் துளையைச் சுத்தம் செய்தும் முட்டியது. குழாயோடு வந்த ஸ்க்ரூவே இல்லை அது. போன ஆடி மாதம் பொதுக் குழாய்களையெல்லாம் பழுதுபார்த்தபோது யாரோ தொலைந்த ஸ்க்ரூவுக்குப் பதிலாகப் பையில் கிடந்ததைப் போட்டிருக்கிறார்கள். அவரையும் குற்றம் சொல்லவில்லை. இறுகியதும் சரியாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தலைக்கு அடியில் ஒரு வாஷர் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"சரிய்யா, லூஸாக இருந்தது. கடைசியில் மழுங்க வைத்தது அவர் கைதானே" என்று பொருளாளர் கேட்கக்கூடும். திறக்கும்போது இது அதிகம் வழுக்காது, மூடும்போதுதான் வழுக்கும். நாம் எல்லோரும் பழைய ரப்பர் வாஷர் குழாயில் பழகியவர்கள். அதில் கடைசியில் ஒரு அழுத்து அழுத்தினால்தான் சொட்டு நிற்கும். இது கால் சுற்றுக் குழாய். உள்ளே இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவித் துளையை மறைக்கின்றன. கால் சுற்று முடிந்தால் உள்ளே தடை வந்துவிடும், அதற்கு மேல் அழுத்துவதில் ஒரு பயனும் இல்லை. ஆனால் பழக்கதோஷத்தில் எல்லோரும் அழுத்துகிறோம். நானும்தான். அந்த உபரி அழுத்தம் முழுவதையும் தாங்குவது இந்தப் பற்கள். அதனால்தான் இந்தக் கோளாறு வந்தால் குழாய் பெரும்பாலும் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது. நாற்பது வீட்டுக் கைகள் தேய்த்ததில் கடைசிப் பல் போன நேரத்தில் அங்கே நின்றவர் வாட்ச்மேன், அவ்வளவுதான்.

போகப்போகிறது என்பதைக் குழாய் முன்கூட்டியே காட்டியது, நாம்தான் கவனிக்கவில்லை. 20 பல் என்றால் ஒரு பல் வழுக்கினால் கைப்பிடி 18 டிகிரி நகரும். மூடியபோது சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய கைப்பிடி, தைப்பொங்கல் சமயத்தில் நேராக நம்மைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அதாவது ஐந்து பல் தாண்டிவிட்டது. காரை எடுக்கும்போது என் வேட்டியே ஒருமுறை அதில் மாட்டியது. ஃபிட்டராக இருந்த எனக்கே அப்போது உறைக்கவில்லை.

தண்ணீர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அதில் உங்கள் கோபம் நியாயமானது. 15 லிட்டர் வாளி அந்த இடத்தில் ஒரு நிமிஷத்தில் நிரம்புகிறது. பதினொன்றிலிருந்து நாலரை வரை 330 நிமிஷம், ஏறக்குறைய 5,000 லிட்டர். மாடித் தொட்டியில் பாதி. ஆனால் அந்த ஐந்தரை மணி நேரத்துக்குக் காரணம் பல் மட்டும் இல்லை. வாட்ச்மேன் அறையில் ஒரு பிளேயர் இல்லை, மாடிச் சாவி இல்லை.

பழைய குழாயை நான் என்ன செய்தேன் என்றும் கேளுங்கள். பொத்தானைக் கத்தி நுனியால் நெம்பி எடுத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்பேனரால் ஸ்பின்டிலை இடப்பக்கம் திருகி வெளியே எடுத்தேன். கையோடு கடைக்குக் கொண்டுபோனேன். வாயால் "அரை இஞ்ச் குழாய் ஸ்பின்டில்" என்று கேட்டு வாங்கினால் தப்பாகத்தான் வரும். பல் எண்ணிக்கை 24 என்றுகூட இருக்கும், தண்டின் உயரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழையதைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்பின்டில் 170, கைப்பிடி 90, சரியான நீளத்தில் துருப்பிடிக்காத ஸ்க்ரூவைக் கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். உட்காரும் இடத்தில் இருந்த உப்புக்கறையை வினிகரில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டு மாட்டினேன். இடையில் ஒருநாள் தேய்ந்த பல்லின் மேல் டெஃப்லான் டேப்பைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். இருபது முறை திறந்து மூடியதும் மறுபடி வழுக்கியது. ஃபெவிக்விக் யோசனை சொன்ன நண்பருக்கு: அது ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை கைப்பிடியைக் கழற்ற ரம்பம் வேண்டும்.

ஆக 260 ரூபாயில் முடிந்த வேலை. 850 ரூபாய்க் குழாய் தேவைப்பட்டிருக்காது.

நான் கேட்பது இதுதான். வருகிற சம்பளத்தோடு வாட்ச்மேனின் 2,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், நோட்டீஸையும் எடுத்துவிடுங்கள். பார்க்கிங் குழாய்க்கு முன்னால் ஒரு பால் வால்வு போடுங்கள், மாடிச் சாவி ஒன்றை அவர் அறையில் மாட்டி வையுங்கள். என் பிளேயரை அங்கேயே விட்டுவிட்டேன், திருப்பித் தர வேண்டாம்.

புதுக் குழாயையும் நேற்று தொட்டுப் பார்த்தேன். போட்டு மூன்று வாரம்தான் ஆகிறது, கைப்பிடி இப்போதே லேசாக மேலே எழும்புகிறது. அரைச் சுற்று முடுக்கியிருக்கிறேன். நல்லவேளை, இதில் ஸ்க்ரூ அளவு சரி. பழைய குழாய் என் பால்கனியில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீளமான அந்த ஸ்க்ரூவும் மழுங்கிய தண்டும் ஒரு கவரில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன், லென்ஸும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி வாசி ஒருவன்