ஆர்.ஓ. வாங்கி ஸ்டார் போட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டுக்கு ஆர்.ஓ. வாங்கி இணையத்தில் விமர்சனம் எழுதிய அனைவருக்கும் வணக்கம்.

மாட்டிய வாரத்தில் எழுதிய ஐந்து ஸ்டார் விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. புது மெம்பரேன் எந்தக் கம்பெனியுடையதும் அப்போது நன்றாகத்தான் வடிகட்டும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு படிந்து அது பழுதாகச் சில மாதங்கள் ஆகும். வாங்கப்போகிறவருக்குத் தேவை அந்தக் கட்டத்தின் செய்தி. தயவுசெய்து பழைய விமர்சனத்தைத் திறந்து திருத்துங்கள்.

'தண்ணீர் சரியில்லை' என்பது மட்டும் போதாது. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் ஆர்.ஓ.வின் உள்ளே போகும் நீரையும் அதன் குழாயில் வரும் நீரையும் ஒரே நாளில் அளந்து, இரண்டு எண்ணையும் எழுதுங்கள். உள்ளே 1200, வெளியே 60 என்றால் 95 சதவீத உப்பு நீங்குகிறது. எட்டு மாதம் கழித்து அதே 1200 உள்ளே போய் 300 வந்தால் 75 சதவீதம்தான். இடையில் ஒகேனக்கல் தண்ணீருக்கு மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். உள்ளே போகும் உப்பே குறைந்துவிடுவதால், பழுதான மெம்பரேனும் நல்லதுபோல் தெரியும்.

கம்பெனி ஆள் வந்து 'சரிசெய்துவிட்டார்' என்றால், எதை மாற்றினார் என்பதுதான் முக்கியம். மெம்பரேனா, முன்வடிகட்டியா, அல்லது டி.டி.எஸ். திருகா? தண்ணீர் சப்பென்றிருப்பதாகப் புகார் செய்தால் சிலர் அந்தத் திருகைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மெம்பரேன் வழியாகப் போகாத நீர் அதில் கலக்கும். ருசி கூடும், கூடவே ஃபுளோரைடும் வரும். மேலே சொன்ன கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு அப்படிக் கலந்தால் 60 என்பது 288 ஆகும். கிணற்றில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தால், கலந்த பங்கே 1 மில்லிகிராமைக் கொண்டுவந்துவிடும். இந்தியத் தரநிலை ஏற்கும் அளவே அவ்வளவுதான். ஃபுளோரைடைத் தனியாக டி.டி.எஸ். மீட்டர் காட்டாது. அதனால், மெம்பரேனிலிருந்து வரும் குழாயைக் கழற்றி அந்த நீரையும் அளக்கச் சொல்லுங்கள். அங்கே 60, குழாயில் 288 என்றால் மெம்பரேனில் குறையில்லை, திருகுதான் திறந்திருக்கிறது. இரண்டிலும் 300 என்றால் கோளாறு மெம்பரேன் பக்கம்.

திருத்திச் சேமித்தால் பழைய வாசகம் போய்விடும். அதனால் அதை அழிக்காமல் கீழே வைத்து, மேலே தேதியோடு எழுதுங்கள். பழுதுபார்த்த அன்றைக்கே ஸ்டாரை ஏற்ற வேண்டாம். வந்து பார்த்ததற்கு நன்றியை அன்றே எழுதலாம். ஸ்டாரை மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்த பிறகு மாற்றுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"மாட்டியபோது 1200க்கு 60. எட்டாம் மாதம் 300. உத்தரவாதத்தில் மெம்பரேனை மாற்றினார்கள், பணம் வாங்கவில்லை, திருகு மூடியிருக்கிறது. மூன்று மாதம் கழித்தும் 65. இரண்டு ஸ்டாரை நான்காக்குகிறேன். அழைத்து ஆள் வர 12 நாள் ஆனதால் ஐந்து இல்லை."