680 எண் மை கார்ட்ரிட்ஜை அனுப்பிவிட்டு, பிறகு அதன்மேலேயே 803 என்று ஒட்டி அனுப்பியது குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: பொருந்தாத கார்ட்ரிட்ஜ் இருமுறை அனுப்பியது, பணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மா,

வீட்டில் டியூஷன் நடத்துகிறேன். வாரத் தேர்வுக்கான வினாத்தாள்களை எல்லாம் என் எச்பி டெஸ்க்ஜெட் 2131 பிரிண்டரில்தான் எடுப்பேன். கறுப்பு மை மங்கிக்கொண்டே வந்ததால் புதிய கார்ட்ரிட்ஜ் வாங்க நினைத்தேன். பழையதை எடுத்துப் பார்த்தால் மேலே எண் இல்லை. உள்ளூரில் இரண்டு முறை மை நிரப்பியிருக்கிறேன். ஊசி போடும் துளை மேல் லேபிளுக்கு அடியில் இருப்பதால் நிரப்பியவர் லேபிளை உரித்துவிட்டார், எண்ணும் அதோடு போய்விட்டது. அது என் பக்கத்துக் குறை, ஒப்புக்கொள்கிறேன்.

‘எண் தெரியாவிட்டால் படம் அனுப்புங்கள், நாங்கள் கண்டுபிடிக்கிறோம்’ என்று நீங்கள் போட்டிருந்ததை நம்பித்தான் உங்களிடம் வந்தேன். செம்புப் புள்ளிகள் தெரியும்படி முன்பக்கத்தை ஒரு படமும், அடிப்பக்கத்தை ஒரு படமும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சில நிமிடங்களில் பதில் வந்தது: ‘இது 680, கறுப்பும் கலரும் செட்டாக அனுப்பலாம்.’ பிரிண்டர் மாடல் என்ன என்று உங்கள் ஊழியர் கேட்கவில்லை. நானாகத்தான் கணினியில் தெரிந்த பெயரை, ‘டெஸ்க்ஜெட் 2130 சீரிஸ்’ என்று, எழுதினேன். ‘சரியாகப் பொருந்தும்’ என்றார். செட்டுக்கு 1,150 ரூபாய் கட்டினேன்.

வந்ததைப் போட்டேன். இடப்பக்கம் கலர், வலப்பக்கம் கறுப்பு, இரண்டும் ‘டக்’கென்று உட்கார்ந்தன. மூடியைச் சாத்தியதும் கார்ட்ரிட்ஜ் இந்தப் பிரிண்டருக்கு ஏற்றதல்ல என்று கணினியில் செய்தி வந்தது, ஒரு பக்கம்கூட அச்சாகவில்லை.

உங்களை அழைத்தேன். செம்புப் புள்ளிகளைப் பஞ்சு போகாத துணியால் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தேன், பயன் இல்லை. அப்புறம் ஒரு சின்னச் சோதனை செய்தேன். என் பழைய கார்ட்ரிட்ஜ்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிழைச் செய்தி போய்விட்டது, மங்கலாக இருந்தாலும் தாள் அச்சாகி வெளியே வந்தது. பிரிண்டரின் தொடுமுனைகளில் அழுக்கு இருந்திருந்தால் பழையவையும் அடம்பிடித்திருக்கும். அப்படியானால் கோளாறு நீங்கள் அனுப்பிய பொருளில்தான் என்று தெரிந்தது.

பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கும் என் தம்பி வந்து, கார்ட்ரிட்ஜ் மாற்றும் கதவுக்குள் இருந்த ஸ்டிக்கரைக் காட்டினான். அதில் 803 என்று அச்சிட்டிருந்தது! இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. உங்கள் ஊழியர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன்.

803-உம் 680-உம் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கூடு ஒன்று, செம்புப் புள்ளிகளின் அமைப்பு ஒன்று, அடியில் உள்ள மைத்துளைத் தகடும் ஒன்றுபோலவே. இந்தியாவில் 2131-க்கு 803. அதே உடம்போடு விற்ற டெஸ்க்ஜெட் இங்க் அட்வான்டேஜ் 2135-க்கு 680. இரண்டு பிரிண்டர்களுமே கணினியில் ‘2130 சீரிஸ்’ என்றுதான் பெயர் காட்டும். ஆகவே நான் எழுதிய பெயரும் நான் அனுப்பிய படமும் சேர்ந்தாலும் இது எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், படத்தைப் பார்த்ததும் 680 என்று அடித்துச் சொன்னதுதான் முதல் தவறு.

இரண்டாவதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. சண்டை போட்ட பிறகு மாற்றுப் பொதி அனுப்பினீர்கள். மேலே பளிச்சென்று 803 என்று ஸ்டிக்கர். போட்டேன், அதே பிழை. வெளியே எடுத்துப் பார்த்தபோது ஸ்டிக்கரின் ஒரு மூலை எழும்பியிருந்தது. நகத்தால் மெல்ல உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள், அதில் 680. படமும் வீடியோவும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இந்த வகைக் கார்ட்ரிட்ஜில் மைத் தொட்டி மட்டும் இல்லை, மையைத் தெளிக்கும் தலையே அதில்தான் இருக்கிறது. ‘நீ யார்?’ என்று பிரிண்டர் கேட்பதும் அது பதில் சொல்வதும் அந்தச் செம்புப் புள்ளிகள் வழியாகத்தான். மேலே ஒட்டிய காகிதத்தைப் பிரிண்டர் படிப்பதில்லை. தலையோடு சேர்ந்த இந்த வகையில் ‘காம்பேட்டிபிள்’ என்று விற்பவை பெரும்பாலும் தீர்ந்துபோன அசல் கூட்டைச் சுத்தம் செய்து மறுபடி மை நிரப்பியவை. அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை, விலைக்குத் தக்க பொருள்தான். ஆனால் 803-க்கு மாற்று வேண்டுமென்றால் 803-இன் கூட்டில்தான் நிரப்ப வேண்டும். 680-இன் கூட்டில் எவ்வளவு நல்ல மை ஊற்றினாலும் அது 680 தான்.

இதில் இன்னொன்றும் உண்டு. கார்ட்ரிட்ஜைத் தன் பிரிண்டரோடு மட்டும் பூட்டிவைக்கும் ஒரு அமைப்பு எச்பி பிரிண்டர்களில் இருக்கிறது. அதை முன்பு யாராவது இயக்கியிருந்தால், சரியான எண்ணுள்ள கூட்டை மறுபடி நிரப்பி அனுப்பினாலும் வேறு வீட்டுப் பிரிண்டர் ஏற்காது. அப்போது வரும் செய்தி வேறு, கார்ட்ரிட்ஜ் வேறொரு பிரிண்டருக்காகப் பாதுகாக்கப்பட்டது என்று சொல்லும். எனக்கு வந்தது அந்தச் செய்தி அல்ல. முதலிலேயே ‘எந்தச் செய்தி வருகிறது?’ என்று கேட்டிருந்தால் துணியால் துடைக்கும் வேலையே எனக்கு இருந்திருக்காது.

‘பட்டை உரித்த கார்ட்ரிட்ஜைத் திரும்ப எடுக்க மாட்டோம், படம் அனுப்பியது நீங்கள்தானே’ என்கிறது உங்கள் கடைசி மின்னஞ்சல். மைத்துளையை மூடியிருக்கும் பட்டையை உரிக்காமல் போட்டுப் பார்க்க வழி ஏது? சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. முதல் பொதியை அவசரத்தில் நடந்த தவறு என்று விட்டுவிடலாம். எண்ணை மறைத்து எண் ஒட்டியதை அப்படி விட முடியாது.

எனவே, 1,150 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். இரண்டு பொதிகளையும் உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக மாற்றுப் பொருள் வேண்டாம், அசல் 803 ஒன்றைக் கடையில் வாங்கிவிட்டேன், போட்ட உடனே வேலை செய்கிறது. அந்த ஸ்டிக்கரை ஒட்டியது உங்கள் கிடங்கா, உங்களுக்குச் சரக்குக் கொடுப்பவரா என்று எழுத்தில் பதில் வேண்டும்.

படம் பார்த்துச் சொல்லும் சேவையைத் தொடர்வதாக இருந்தால், கார்ட்ரிட்ஜின் படத்தோடு பிரிண்டரின் முன்பக்கத்தில் உள்ள முழு மாடல் எண்ணையும் கதவுக்குள் உள்ள ஸ்டிக்கரையும் கேளுங்கள். என் மாதிரி லேபிள் உரிந்த கார்ட்ரிட்ஜோடு வருபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

பதினைந்து நாளுக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன். ஸ்டிக்கர் உரித்த கார்ட்ரிட்ஜை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாட்ஸ்அப் உரையாடல், பில், இரண்டு லேபிள்களும் தெரியும் படங்கள், வீடியோ.