சுற்றுப்போட்டிக்கு அனுசரணை கேட்கும் பதிவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கால்நோ குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே சோளகம் தொடங்கிவிட்டது, மைதானத்துப் புழுதியெல்லாம் வீட்டுக்குள்தான்.

எங்கள் சனசமூக நிலையத்தின் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு அனுசரணை கேட்டு முகநூலில் பதிவு போடப் போகிறோம். தம்பிமார் எழுதிய வரைவு நிலையத்தின் வரலாற்றில் தொடங்கியது. முகநூல் முதல் சில வரிகளைத்தான் காட்டும், மீதியைப் பார்க்க அழுத்த வேண்டும். கடைக்காரர் கேட்பது இரண்டே கேள்வி: யார் பார்ப்பார்கள், எனக்கு என்ன கிடைக்கும்? அதனால் இப்படி மாற்றினேன்:

"மூன்று இரவுகள், 16 அணிகள். கடந்த ஆண்டு இறுதியாட்டம் பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ 600 பேர். அதன் படங்களை முகநூலில் 9,000 பேர் பார்த்தார்கள், பாதிப்பேர் யாழ்ப்பாணத்தில், மற்றவர்கள் பெரும்பாலும் கனடாவிலும் லண்டனிலும்.
பிரதான அனுசரணை, ஒருவருக்கு மட்டும், 150,000 ரூபாய்: எல்லா அணிகளின் சீருடையிலும் மேடைப் பதாகையிலும் உங்கள் பெயர்.
இணை அனுசரணை, நால்வருக்கு, 40,000 ரூபாய்: மைதானத்தில் ஒரு பதாகை, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் ஒலிபெருக்கியில் அறிவிப்பு.
ஞாபகார்த்தக் கிண்ணம், 25,000 ரூபாய்: கிண்ணத்தில் அமரரின் பெயர், குடும்பத்தவர் கையால் பரிசளிப்பு, அதன் காணொளி.
பெயரும் இலச்சினையும் 10ஆம் திகதிக்கு முன் வேண்டும்."

பக்கத்தைப் பின்தொடர்பவர்களின் தொகையைப் போடச் சொன்னார்கள், நான் விடவில்லை. பின்தொடர்பவர் எல்லோருக்கும் பதிவு போய்ச் சேருவதில்லை. ஒரு பதிவு எத்தனை பேரை எட்டியது, பார்வையாளர்கள் எந்த ஊர் என்பதைப் பக்கத்தின் புள்ளிவிவரப் பகுதியே காட்டுகிறது. ஊரைப் பிரித்துச் சொல்வதுதான் முக்கியம் மச்சான். சுன்னாகத்தில் சீமெந்து விற்பவருக்கு ரொறன்ரோவில் இருப்பவர் பார்த்து என்ன பயன்? ஆனால் தகப்பன் பெயரில் கிண்ணம் கொடுக்கும் குடும்பத்துக்கு அந்தப் பார்வையாளர்கள்தான் உறவுகள். அந்தக் குடும்பங்களுக்காகத்தான் கிண்ணத்தைத் தனி வகை அனுசரணையாக வைத்தேன்.

5,000 ரூபாய் தருபவருக்கும் பதாகை கொடுக்கலாம் என்றார் பொருளாளர். அச்சுக்கூலியும் கட்டும் செலவும் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அவர்களுடைய பெயர்களை நன்றிப் பதிவில் சேர்ப்போம், அது போதும். அப்புறம், ஒரே தொழிலில் இருவரை எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். பிரதான அனுசரணை ஒரு புடவைக்கடை என்றால் எதிர்க்கடையின் பதாகை அதே மைதானத்தில் தொங்கக் கூடாது. இதைப் பதிவில் எழுதவில்லை, நேரில் போகும்போது முதலில் இதைத்தான் சொல்கிறோம்.

போட்டி முடிந்த வாரமே ஒவ்வொருவருக்கும் பதாகைப் படமும் பற்றுச்சீட்டும் போகும். அடுத்த வருடம் அதே கதவைத் தட்ட வேண்டுமே.

உங்கள் ஊர்ச் சங்கத்தில் யாராவது கிண்ணம் கொடுக்க விரும்புகிறார்களா என்று கேட்டுப் பார். பெயர் பொறிக்க நாள் எடுக்கும், ஆகவே அமரரின் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதி வாங்கி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்